கடைசிச் சொல் தெரிந்த கவிதை

கஜல் கேட்கிறவருக்கு ஒவ்வொரு ஈரடியும் எந்தச் சொல்லில் முடியும் என்பது முன்கூட்டியே தெரியும். முதல் ஈரடியைக் கேட்டதும் அது பிடிபட்டுவிடும். அதற்கப்புறம் வருகிற ஈரடிகள் அத்தனையும் அதே சொல்லில்தான் வந்து நிற்கும். முடிவு தெரிந்த பிறகும் கூட்டம் ஏன் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறது? அந்தச் சொல்லுக்கு ஒரு சொல் முன்னால் என்ன வரப்போகிறது என்று தெரியாததால்தான்.

முஷாயிரா என்கிற உருதுக் கவியரங்கத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கவிஞர் ஈரடியின் முதல் அடியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். சபை அதை வாங்கித் திருப்பிச் சொல்லும். அவர் மறுபடியும் அதே அடியைச் சொல்வார், சில சமயம் மூன்றாம் தடவையும் சொல்வார். இரண்டாம் அடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இழுத்தடிப்பார். உட்கார்ந்திருப்பவர்கள் அதற்குள் மனசில் கணக்குப் போட ஆரம்பித்திருப்பார்கள். இந்தப் பேச்சை அந்தக் கடைசிச் சொல்லுக்கு இவர் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார், இடையில் எந்த எதுகைச் சொல்லைப் போடுவார்? இரண்டாம் அடி பாதி வந்ததும் முன்வரிசைக்காரர் ஒருவருக்குப் பொறி தட்டிவிடும். கடைசிச் சொல் வரும்போது கவிஞரின் குரலோடு சபையின் குரலும் சேர்ந்து ஒலிக்கும். வாஹ் வாஹ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாறாமல் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சொல்லுக்கு ரதீஃப் என்று பெயர். சொல்லாகவும் இருக்கலாம், தொடராகவும் இருக்கலாம். அதற்கு முன்னால் வந்து, ஈரடிக்கு ஈரடி மாறி, ஆனால் ஒரே ஓசையில் ஒலிக்கும் சொல்லுக்குக் காஃபியா என்று பெயர். ஈரடி ஒவ்வொன்றும் ஒரு ஷேர். முதல் ஷேரில் மட்டும் இரண்டு அடிகளுமே காஃபியா, ரதீஃப் என்று முடியும்; விதியைச் சபைக்கு அறிவிக்கும் அந்த ஷேருக்கு மத்லா என்று பெயர். அடுத்தடுத்த ஷேர்களில் முதல் அடி எப்படி வேண்டுமானாலும் முடியலாம், இரண்டாம் அடிக்குத்தான் கட்டுப்பாடு. கடைசி ஷேரில் கவிஞர் தன் புனைபெயரை எங்காவது வைப்பார், அது மக்தா. அடிகள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஷேர்கள் ஐந்துக்குக் குறையக்கூடாது என்பது பொதுவான வழக்கம்.

இன்னொரு விஷயம் தமிழ் வாசகருக்கு முதலில் விநோதமாகப் படும். ஷேருக்கும் ஷேருக்கும் பொருள் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ஒன்று காதலைப் பேசும், அடுத்தது ஆட்சியைக் கிண்டல் செய்யும், அதற்கடுத்தது சாவைப் பற்றி இருக்கும். உருது விமர்சகர் கலீமுத்தீன் அகமது இந்தக் காரணத்துக்காகவே கஜலை அரைக் காட்டுமிராண்டி வடிவம் என்று சாடியிருக்கிறார். அவர் கேட்ட ஒருமை பொருளில் கிடைக்காது என்பது உண்மைதான். ரதீஃப் அந்த வேலையைச் செய்கிறது. ஐந்து வெவ்வேறு வாழ்க்கைகள் ஒரே சொல்லில் வந்து முட்டும்போது, அந்தச் சொல்லுக்கு ஐந்து முகங்கள் கிடைத்துவிடுகின்றன.

தமிழுக்குக் கஜல் என்ற பெயரையும் அதன் மனநிலையையும் கொண்டுவந்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான். வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய ‘மின்மினிகளால் ஒரு கடிதம்’ தமிழ்க் கஜல்களின் தொகுப்பு. அவருக்குப் பின் பலரும் கஜல் என்ற தலைப்பில் எழுதுகிறார்கள். ஏக்கமும் நிலவும் கண்ணீரும் அவற்றில் தாராளமாக இருக்கின்றன, காஃபியாதான் இல்லை. ரதீஃபைப் பிடித்துக்கொண்டு காஃபியாவைக் கைவிட்டால் பல்லவி மட்டும் மிஞ்சும். முன்வரிசைக்காரர் ஊகிப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது.

இலக்கணம் இதற்குத் தடை என்று சொல்ல முடியாது. உருதுவைப் போலவே தமிழிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வந்து உட்காரும். அதனால் இல்லை, போதும், உண்டு, மிச்சம் என்று பயனிலையையே ரதீஃபாக வைக்க முடிகிறது. ஆங்கிலத்துக்கு அந்த வசதி குறைவு. காஷ்மீரில் வேர்கொண்ட ஆகா ஷாகித் அலி ஆங்கிலத்தில் காஃபியாவும் ரதீஃபும் பிசகாத கஜல்களை எழுத வேண்டும் என்று பிடிவாதமாக வாதாடி, 2000இல் அப்படிப்பட்ட கஜல்களின் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். மராத்தியில் சுரேஷ் பட், கஜல் எழுத வருகிறவர்களுக்காக விதிகளை ‘கஜலேச்சி பாராகடி’ என்ற கையேடாகவே எழுதி வைத்தார். பாராகடி என்றால் நம் ஊர் அரிச்சுவடி. தமிழுக்கு ஓர் அரிச்சுவடி எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு கஜலைக் கட்டிப் பார்ப்போம்.

முதலில் ரதீஃப். கைக்கு எளிதாக அகப்படுவது ‘அன்பே’, ‘நிலவே’, ‘கண்ணே’ போன்ற விளிச்சொற்கள். இவற்றை எந்த வாக்கியத்தின் வாலிலும் ஒட்டிவிடலாம், அதுவேதான் கோளாறு. ரதீஃபைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கடைசிச் சொல்லை விரலால் மறைத்துவிட்டு அடியைப் படித்துப் பாருங்கள். ‘தெருவெல்லாம் மழை பெய்கிறது நிலவே’ என்பதில் நிலவை மறைத்தாலும் பொருள் முழுதாக நிற்கிறது. அப்படியானால் அந்த ரதீஃப் வேலை எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ‘வீட்டில் காற்று மிச்சம்’ என்பதில் மிச்சத்தை மறைத்தால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். நாம் ‘மிச்சம்’ என்பதையே வைத்துக்கொள்வோம். இழப்பையும் அது சொல்லும், இழப்பில் தப்பியதையும் சொல்லும். கணக்குப் புத்தகத்திலும் வரும், சாப்பாட்டுத் தட்டிலும் வரும். நாலு பக்கம் திரும்பக்கூடிய சொல்லாகப் பார்த்து எடுத்தால் ஐந்தாவது ஷேரில் மூச்சு வாங்காது.

அடுத்தது காஃபியா. தமிழில் எழுதுகிறவர் வழுக்கி விழும் இடம் இதுதான். நம் மொழியில் விகுதிகள் சொல்லின் கடைசியில் வரிசையாக ஒட்டுகின்றன. ‘மரத்தில் மிச்சம்’, ‘கடலில் மிச்சம்’, ‘ஊரில் மிச்சம்’ என்று எழுதினால் மூன்றும் ஒன்றுபோல ஒலிப்பதாகத் தோன்றும். ஆனால் ஒத்துப்போவது ‘இல்’ என்ற உருபு மட்டும்தான். உருபைக் கழற்றிவிட்டால் மரம், கடல், ஊர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சொற்கள்தான் மிஞ்சும். ‘வந்தான், போனான், தின்றான்’ என்பதும் இப்படித்தான். உருது யாப்பில் இந்தக் குற்றத்துக்கு ஈதா என்று பெயரே இருக்கிறது. விகுதியின் தயவில் ஒலிப்பதைக் காஃபியா என்று அவர்கள் ஏற்பதில்லை. ‘வீட்டில், காட்டில், மேட்டில்’ என்றால் கதை வேறு. உருபை எடுத்தாலும் வீடு, காடு, மேடு ஒத்துப்போகின்றன. கழற்றிப் பார்த்து அடிச்சொல் ஒலித்தால் வைத்துக்கொள்ளலாம், ஒலிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

எந்த அளவுக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதற்கு உருது யாப்பில் நுணுக்கமான விதிகள் இருக்கின்றன. அவற்றை அப்படியே தூக்கிவர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தமிழ்க் காதுக்குப் பழகிய எதுகை நம் கையில் இருக்கிறது. முதலெழுத்து அளவில் ஒத்திருக்க வேண்டும், இரண்டாம் எழுத்து ஒன்றாகவே வர வேண்டும் என்பது எதுகை. காற்று, நேற்று, ஊற்று, நாற்று, கீற்று, கூற்று, மாற்று எல்லாவற்றிலும் முதலில் ஒரு நெடில், பிறகு ‘ற்று’. எந்தத் தமிழ் வாசகரும் இவை ஒரே குடும்பம் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே சொல்லிவிடுவார். அடியின் தொடக்கத்தில் நாம் வழக்கமாகத் தேடுகிற எதுகையை அடியின் கடைசிக்கு, ரதீஃபின் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் தமிழுக்கான காஃபியா தயார்.

எழுதத் தொடங்கும் முன்பே இந்தப் பட்டியலைப் போட்டுவிட வேண்டும். மத்லாவில் காற்றையும் நாற்றையும் வைத்தால் ‘ஆற்று’ என்ற ஒலிதான் விதி என்று சபை எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஊற்றையும் கீற்றையும் உள்ளே விட முடியாது. ‘மாற்று’ ஒன்றைத் தவிர உருப்படியான சொல் கிடைப்பது கஷ்டம், கஜல் மூன்றாவது ஷேரிலேயே முட்டி நின்றுவிடும். காற்றோடு நேற்றைச் சேர்த்தால் ‘ஏதாவதொரு நெடில், பிறகு ற்று’ என்று விதி அகலமாகிவிடுகிறது. மத்லாவில் எந்த இரண்டு காஃபியாக்களைச் சேர்த்து வைக்கிறோம் என்பதில் மொத்தக் கஜலின் ஆயுளும் இருக்கிறது.

மூன்றாவது, அளவு. உருதுவில் இதை பெஹர் என்பார்கள். நெட்டசையும் குற்றசையும் குறிப்பிட்ட வரிசையில் வரும். நமக்குச் சீர் இருக்கிறது. ‘காற்று மிச்சம்’ என்பது தேமா, தேமா. கடைசி இரண்டு சீரும் அப்படித்தான் முடியப்போகின்றன என்றால், கம்பராமாயணத்தில் நிறைய வரும் ‘விளம் மா தேமா, விளம் மா தேமா’ என்ற அறுசீர் அளவு இதற்கு அச்சாகப் பொருந்தும். இரண்டாம் அடியில் கடைசி இரண்டு சீரைக் காஃபியாவும் ரதீஃபும் எடுத்துக்கொள்கின்றன. கவிஞருக்கு மிஞ்சுவது நாலே நாலு சீர். அந்த நாலுக்குள் சபையைக் கூட்டிக்கொண்டு போய்க் காஃபியாவின் முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

இனி மத்லா:

கதவினைச் சாத்திப் போனாய். வீட்டினில் காற்று மிச்சம்.
நாளைகள் யாவும் கொண்டாய். என்னிடம் நேற்று மிச்சம்.

இரண்டு அடிகளும் விதியைச் சொல்லிவிட்டன. இங்கே சுலபமாக நேரக்கூடிய ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். முதல் அடியில் ‘போனாய்’ என்று நீ போட்டுப் பேசிவிட்டு, இரண்டாம் அடியில் ஓசைக்காகவோ மரியாதைக்காகவோ ‘கொண்டீர்’ என்று மாற்றினால், அந்தக் குற்றத்தை உருதுக்காரர்கள் ஷுத்துர்-குர்பா என்பார்கள். ஒட்டகமும் பூனையும் என்று அர்த்தம். ஒரே ஷேருக்குள் ஒருவரை ஒட்டகமாகவும் பூனையாகவும் நடத்தக்கூடாது. நீ, நீங்கள் என்று நாளெல்லாம் அளந்து பேசுகிற நமக்கு இந்தக் குற்றம் சட்டென்று புரியும்.

மத்லாவுக்கு அப்புறம் முதல் அடிக்கு விடுதலை. ஆனால் அந்த விடுதலையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் அடி ‘வெளிச்சம்’, ‘அச்சம்’ என்று ரதீஃபின் வாடையோடு முடிந்துவிடக் கூடாது. முடிந்தால் சபை இன்னொரு மத்லா வருகிறதாக்கும் என்று நினைத்து ஏமாந்துபோகும். அதனால் அதை வேறு ஓசையில் முடிக்கிறோம்:

லாரிகள் மணலை வாரிப் போனதோர் ஆற்றுப் பள்ளம்;
கையினால் தோண்டிப் பார்த்தேன், ஒருசிறு ஊற்று மிச்சம்.

முதல் அடி ஒரு காட்சியை வைத்துவிட்டு நிற்கிறது. முஷாயிராவில் இந்த இடத்தில்தான் கவிஞர் இழுத்தடிப்பார். ஆறு போச்சு, மணல் போச்சு, இதில் என்ன மிச்சம் இருக்கப்போகிறது? ‘தோண்டிப் பார்த்தேன்’ என்றதும் கெட்டிக்காரக் காது ‘ஊற்று’ என்று முந்திக்கொள்ளும். அப்படி ஊகித்துவிட்டால் கவிஞருக்கு நஷ்டம் என்று நினைக்க வேண்டாம், சபைக்கு அதில்தான் சந்தோஷம். யாருமே ஊகிக்க முடியாத காஃபியாவும் அலுக்கும், எல்லோரும் முதல் அடியிலேயே ஊகித்துவிடுகிற காஃபியாவும் அலுக்கும். இரண்டாம் அடியின் பாதியில் தெரியவந்தால் சரியான அளவு. அதனால் ‘ஊற்று’ என்று காட்டிக்கொடுக்கிற ‘நீர்’, ‘சுரக்கும்’ போன்ற சொற்களை முதல் அடிக்குள் விடக் கூடாது.

அடுத்த ஷேர் முழுக்க வேறிடம்:

வயலினை விற்று விட்டு மகனுடன் வந்தார் அப்பா;
பால்கனித் தொட்டிக் குள்ளே பத்துநெல் நாற்று மிச்சம்.

இதில் ஊகிப்பது கொஞ்சம் கடினம். பால்கனித் தொட்டி என்றதும் ரோஜாவோ துளசியோதான் மனசில் வரும், ‘பத்துநெல்’ என்ற பிறகுதான் விஷயம் திறக்கிறது. இரண்டு அடிகளுக்கும் நடுவில் சொல்லாமல் விட்ட ஓர் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். அப்பா ஏங்கினார், வயல் நினைவு வந்தது என்றெல்லாம் எதுவும் இல்லை. அந்த இடைவெளியை வாசகர் தாண்டிவிட முடியும் என்கிற அளவில் வைக்க வேண்டும். ரொம்ப அகலமாகிவிட்டால் இரண்டு அடிகளும் இரண்டு தனித்தனி வாக்கியங்களாகப் பிரிந்துவிடும். உருதுவில் அதற்கும் பெயர் இருக்கிறது, தோ-லக்த், இரண்டு துண்டு. இடைவெளியே இல்லாமல் முதல் அடியின் விளக்கமாக இரண்டாம் அடி அமைந்துவிட்டாலோ அது கவிதையாகாமல் செய்தியாகிவிடும்.

நாலாவது ஷேருக்கு வரும்போது பட்டியலில் கீற்று உட்கார்ந்திருக்கிறது:

பந்தியும் பாட்டும் ஓய்ந்து பந்தலைப் பிரித்தார் காலை;
வாசலில் ஆடும் ஒற்றைத் தென்னையின் கீற்று மிச்சம்.

சீர் சரியாக இருக்கிறது, பொருளிலும் தப்பில்லை. ஆனாலும் இது காஃபியாவுக்காகப் பிறந்த ஷேர் என்பது தெரிந்துவிடுகிறது. கீற்று என்ற சொல் கையில் இருந்ததால் பந்தல் வந்தது, பந்தல் வந்ததால் கல்யாணம் வந்தது. முந்தைய ஷேரில் அப்பாதான் நாற்றைத் தேடிப் போனார், இங்கே கீற்று ஆளைத் தேடிப் போயிருக்கிறது. இப்படிப்பட்டவற்றை பர்தி என்பார்கள், இடத்தை அடைக்கப் போட்டது. பெரிய கவிஞர்களின் கஜல்களிலும் ஒன்றிரண்டு பர்தி ஷேர்கள் தென்படும். பாடகர்கள் நீளமான கஜலில் நாலைந்து ஷேர்களை மட்டும் எடுத்துப் பாடுவது வழக்கம். அப்போது முதலில் வெளியேறுபவை இவைதான். ஷேர்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாக நிற்பதால் ஒன்றை உருவினாலும் கட்டடம் சரியாது. எழுதுகிறவருக்கு இது பெரிய சலுகை. பத்துப் பன்னிரண்டு எழுதிப் பார்த்துவிட்டு ஐந்தை வைத்துக்கொள்ளலாம்.

இனி மக்தா. நம் கவிஞரின் புனைபெயர் பாணன் என்று வைத்துக்கொள்வோம்.

பாணனே, பாடித் தீர்த்தாய். சபையினர் எழுந்து போனார்.
கேட்பவர் யாரும் இல்லை. உனக்கொரு கூற்று மிச்சம்.

மக்தாவில் கவிஞர் தன்னையே வேறோர் ஆள்போல நிறுத்திவைத்துப் பேசுகிறார். அவரைச் சீண்டலாம், ஆறுதல் சொல்லலாம், எச்சரிக்கலாம். இந்தச் சுதந்திரத்துக்காகவே சில கவிஞர்கள் வேறு அர்த்தமும் தருகிற புனைபெயராகத் தேடி வைத்துக்கொள்வதுண்டு. இங்கே கூற்று என்பதைப் பேச்சு என்று எடுத்தால் பாணனுக்கு இன்னும் சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது. எமன் என்று எடுத்தால் இனி அவன் சந்திக்க வேண்டியவர் ஒருவர்தான் பாக்கி. சிலேடையைக் காஃபியாவில் வைப்பது பழைய தந்திரம். சபை முழுவதும் கவனம் குவித்திருக்கும் இடம் அது, அங்கே ஒரு சொல் இரண்டாகப் பிரிந்தால் கடைசி வரிசைவரை கேட்கும்.

ஐந்து ஷேர்களையும் சேர்த்து வாய்விட்டுப் படித்தால் ‘மிச்சம்’ ஆறு தடவை வரும், மத்லாவில் இரண்டு, மற்ற நான்கில் ஒவ்வொன்று. முதல் இரண்டில் அது புகார். ஆற்றில் அது ஆச்சரியம், பால்கனியில் பிடிவாதம், கடைசியில் மிரட்டல். பந்தலில் எதுவுமாகவும் ஆகவில்லை, அதனால்தான் அந்த ஷேர் சோர்ந்து கிடக்கிறது. ரதீஃப் ஒவ்வொரு முறையும் வேறு ஆளாக வந்து நிற்கிறதா என்று இப்படிச் சத்தமாகப் படித்தால் தெரிந்துவிடும். தாளில் பார்க்கும்போது கண் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடும், காது தாண்டாது.

இந்தக் காஃபியா, ரதீஃப், அளவு மூன்றும் சேர்ந்ததை ஜமீன் என்கிறார்கள், நிலம். நிலம் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. தரஹி முஷாயிரா என்று ஒரு வகை உண்டு. அதில் ஓர் அடியை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். வருகிற கவிஞர்கள் எல்லோரும் அதே நிலத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும். அங்கே ஊற்று ஐந்து பேரிடம் வரும், காற்று எல்லோரிடமும் வரும். ஒருவருடைய ஊற்றைக் கேட்ட சபை அடுத்தவருடைய ஊற்றுக்காகக் காத்திருக்கும். நமது நிலத்தில் ‘மாற்று’ இன்னும் தொடப்படாமல் கிடக்கிறது. பதிலாள் என்றும் பொருள் தரும், தங்கத்தின் தரம் என்றும் பொருள் தரும். நாலு சீர் இடம் இருக்கிறது.